எல்எம்35: சராசரி எடுப்பதற்கு முன் ரெஃபரன்ஸை மாற்றுங்கள்

ஆர்டுயினோ ஊனோவில் எல்எம்35 வெப்பநிலை சென்சாரைப் படித்தால், அளவு அரை டிகிரி அரை டிகிரியாகத் தாவும். சென்சாரில் பழுதில்லை. ஊனோ தன் ரெஃபரன்ஸான 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளப்பதால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், சென்சாரோ டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தருகிறது. `setup()`-இல் இதைச் சேர்த்துவிடுங்கள்:

```
analogReference(INTERNAL);
```

ரெஃபரன்ஸ் 1.1 வோல்ட்டாகி, படி சுமார் 0.1 டிகிரியாகச் சுருங்கும். மாற்றியதும் வரும் முதல் சில அளவுகளைத் தள்ளிவிடுங்கள்.

பிறகு 16 அளவுகளைக் கூட்டி `16.0`-ஆல் வகுத்தால், தற்செயலான இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். 64 அளவுகள் என்றால் கூட்டுத்தொகைக்கு `long` வேண்டும். அளவுகள் பெரிதாக இருந்தால் `int` நிரம்பி மைனஸில் போய்விடும்.

அந்த 1.1 வோல்ட் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும். இந்தப் பிழை சராசரிக்கெல்லாம் மசியாது. AREF பின்னை மல்டிமீட்டரால் அளந்து, வந்த மதிப்பையே கணக்கில் போடுங்கள்.