ஒரு நோயாளி, ஆறு ஒப்பீட்டாளர்கள்: z புள்ளி எங்கே ஏமாற்றுகிறது

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பக்கவாதத்துக்குப் பின் ஒருவருடைய பேச்சை அல்லது நினைவாற்றலைச் சோதிக்கும்போது, கையில் வைத்து ஒப்பிட ஏற்ற நியம அட்டவணை கிடைப்பதில்லை. ஆங்கிலம் பேசும், பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் படித்த ஒருவருக்காகத் தயாரான அட்டவணையை, தரம் 5 வரை படித்த தமிழ் விவசாயிக்குப் போட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. ஆகவே மாணவர்களும் சிகிச்சையாளர்களும் ஊரிலேயே ஐந்தாறு பேரைத் தேடிப் பிடித்து அதே சோதனையைச் செய்கிறார்கள். அது சரியான வழிதான். தவறு அதற்கு அடுத்த படியில், கணக்குப் போடும்போது நுழைகிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. சோதனை மிக எளிது: அறுபது விநாடிக்குள் இயன்ற அளவு விலங்குகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும். வயதிலும் படிப்பிலும் நோயாளிக்கு நெருக்கமான ஆறு பேர் முறையே 14, 17, 12, 19, 15, 13 பெயர்கள் சொன்னார்கள். இடை 15, நியம விலகல் 2.61. நோயாளி 10 பெயர்களோடு நின்றுவிட்டார்.

வழக்கமான கை என்ன செய்யும்? பத்திலிருந்து பதினைந்தைக் கழித்து, 2.61ஆல் வகுத்து, z = −1.92 என்று எழுதும். அட்டவணையில் அதற்குக் கீழே கிடப்பது 2.8 சதவீதம். ஐந்துக்குக் குறைவு; எனவே "குறைபாடு உண்டு" என்று அறிக்கையில் ஏறிவிடும்.

இந்தக் கணக்கு ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. 15 என்பதும் 2.61 என்பதும் முழுக் குடித்தொகையின் உண்மையான இடையும் நியம விலகலும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அவை ஆறு பேரிடமிருந்து வந்த மதிப்பீடுகள் மட்டுமே. வேறு ஆறு பேரைப் பிடித்திருந்தால் இடை 14 ஆகவோ நியம விலகல் 3.5 ஆகவோ இருந்திருக்கலாம். அந்தத் தள்ளாட்டம் z புள்ளியில் எங்கும் இடம்பெறவில்லை. அதனால் விளைவது கற்பனை ஆபத்து அல்ல: ஆறு பேர் கொண்ட குழுவை வைத்து z முறையில் 5 சதவீத எல்லையைப் பயன்படுத்தினால், நலமான ஒருவரைக் குறைபாடு உள்ளவர் என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5 அல்ல, ஏறத்தாழ 9.4 சதவீதம். குழு ஐந்து பேராக இருந்தால் 10 சதவீதத்தையும் தாண்டும்.

இதற்கான மாற்றை 1998இல் ஜோன் குரோஃபோர்டும் டேவிட் ஹவலும் முன்வைத்தார்கள். நோயாளியை ஒரே ஒருவர் கொண்ட மாதிரியாக எண்ணி, ஒப்பீட்டுக் குழுவின் சிறுமையையும் கணக்கில் சேர்க்கும் t சோதனை அது.

```
t = (x − m) / (s × sqrt((n + 1) / n)),   df = n − 1
```

இதில் x நோயாளியின் புள்ளி; m, s குழுவின் இடையும் நியம விலகலும்; n குழுவில் உள்ளோர் எண்ணிக்கை; df சுயாதீனப் படிகள். நம் நோயாளிக்கு n = 6. வகுக்கும் எண் 2.61லிருந்து 2.82 ஆகப் பெரிதாகிறது; t = −1.78. சுயாதீனப் படிகள் 5 மட்டுமே என்பதால் வாலும் தடிப்பாக இருக்கிறது: ஒருபக்கச் சோதனையில் 6.8 சதவீதம். அதே மனிதர், அதே பத்துப் பெயர்கள், 2.8 போய் 6.8 வந்துவிட்டது. இந்த எண்ணுக்கு ஓர் எளிய வாசிப்பும் உண்டு: இவரைப் போன்ற வயதும் படிப்பும் உள்ள நலமானவர்களில் சுமார் 6.8 சதவீதத்தினர் இவரைவிடக் குறைவாகச் சொல்வார்கள் என்பது நம் மதிப்பீடு. அறிக்கையில் "உண்டு, இல்லை" என்று எழுதுவதைவிட இந்த எண்ணைக் கொடுப்பது நேர்மையானது. நோயாளியின் குடும்பத்துக்கு விளக்குவதும் இதில் எளிது.

R மென்பொருளில் `singcar` என்ற தொகுப்பு இதை ஒரே வரியில் செய்கிறது:

```r
library(singcar)
TD(case = 10, controls = c(14, 17, 12, 19, 15, 13), alternative = "less")
```

`alternative = "less"` என்பது குறைவான பக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சோதனை; அதைச் சோதனைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். இருபக்கச் சோதனையில் வராத முடிவை ஒருபக்கத்துக்கு மாற்றி வரவழைப்பது, நான் அடிக்கடி காணும் கண்கட்டு வித்தை.

t சோதனைக்கு மாறியவர்கள் உடனே எதிர்ப்பக்கத் தவறில் விழுகிறார்கள். 6.8 வந்ததும் "நோயாளியின் பேச்சாற்றல் இயல்பானது" என்று எழுதிவிடுகிறார்கள். ஆறு பேரோடு ஒப்பிடும்போது, இடையிலிருந்து 2.18 நியம விலகல் கீழே இறங்கினால்தான் 5 சதவீத எல்லையைத் தொட முடியும். நம் குழுவில் அது 9.3, அதாவது ஒன்பது அல்லது அதற்கும் குறைவாகச் சொன்னவர்தான் பிடிபடுவார். குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் எல்லை 1.87 ஆகவும், இருபது பேர் இருந்தால் 1.77 ஆகவும் தளரும். எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் 1.645க்குக் கீழே போகாது. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போவதற்கு உழைப்பது பயன் தரும். இருபதுக்குப் பிறகு பலன் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. குறைபாடு உண்மையாகவே இரண்டு நியம விலகல் அளவு இருக்கும் நோயாளிகளை எடுத்துக்கொண்டால், எல்லையற்ற ஒப்பீட்டுக் குழு இருந்தாலும் அவர்களில் 64 சதவீதத்தினரைத்தான் இந்த முறை பிடிக்கும். எல்லையைத் தொடாத முடிவிலிருந்து "இயல்பு" என்ற சொல்லுக்குத் தாவ முடியாது.

இனி அந்த ஆறு பேர் யார் என்ற கேள்வி. கல்லடியிலோ வாழைச்சேனையிலோ ஒப்பீட்டாளர் தேடும்போது வாவியிலும் கடலிலும் வலை போடும் ஒருவர் எளிதாக வந்து சேர்வார். விலங்குப் பெயர் கேட்டால், மாடு, ஆடு, யானை என்று தொடங்குபவர் பத்தாவது விநாடியில் விரால், சுறா, சூரை, பாரை, இறால், நண்டு என்று கரைக்குத் திரும்பிவிடுவார். மீனும் விலங்குதான், எண்ணாமல் விட முடியாது. நம் பட்டியலில் 19 சொன்னவருக்குப் பதிலாக இப்படி ஒருவர் 31 சொன்னார் என்று வையுங்கள். இடை 17க்கு உயர்கிறது. பார்வைக்கு நோயாளியின் நிலை இன்னும் மோசமாகத் தெரிய வேண்டும். ஆனால் நியம விலகல் 2.61லிருந்து 7.07க்குத் தாவிவிடுகிறது. எல்லைப் புள்ளி இப்போது 1.6. ஒரே ஒரு விலங்கின் பெயரை மட்டும் சொல்லி மௌனமான நோயாளியைத்தான் இந்தக் குழு குறைபாடு உள்ளவர் என்று ஏற்கும்!

சிறிய குழுவில் ஒருவர் முழுச் சோதனையையும் செயலிழக்கச் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. t சோதனை செவ்வன் பரம்பலை ஊகிக்கிறது; 31 அந்த ஊகத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் நோயாளியின் முடிவைப் பார்த்த பிறகு அவரை நீக்குவது அதைவிடப் பெரிய பிழை, ஏனெனில் அப்போது எவரை நீக்கினால் எந்த முடிவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். செய்ய வேண்டியது முன்கூட்டியே: நோயாளி மீனவர் என்றால் ஒப்பீட்டாளர்களும் மீனவர்களாக இருக்கட்டும், இல்லை என்றால் தொழிலையும் தேர்வு நிபந்தனையில் எழுதுங்கள். மீன் பெயர்களை எப்படி எண்ணுவது என்ற விதியையும் முதல் ஆளைச் சோதிக்கும் முன்னரே தாளில் எழுதி வையுங்கள்.

வயதும் படிப்பும் இதே வகைச் சிக்கல். பீடத்தில் இருக்கும் மாணவர்களையே ஒப்பீட்டாளர்களாக்குவது வசதியானது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அவர்கள் பொருந்த மாட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் தெரிவது பக்கவாதத்தின் விளைவா, நாற்பது வருட வயது வித்தியாசமா என்று பிரிக்க முடியாது. அதே `singcar` தொகுப்பில் உள்ள `BTD_cov` என்ற செயற்பாடு வயதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்கிறது என்பது உண்மை. ஆனால் குழுவின் வயது 20க்கும் 24க்கும் இடையில் இருந்தால், 62இல் என்ன நடக்கும் என்று சொல்ல அதனிடம் எந்தத் தரவும் இல்லை.

உச்சப்புள்ளிப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாளில் உள்ள உருக்களை அடித்துவிடும் சோதனையில் ஒப்பீட்டாளர் எல்லோரும் முழுப் புள்ளி எடுத்தால் நியம விலகல் பூச்சியம், வகுக்கவே முடியாது. ஒருவர் மட்டும் ஒன்றைத் தவறவிட்டால், நோயாளி மூன்றைத் தவறவிட்டதுகூடப் பேரழிவு போலத் தோன்றும். அந்தச் சோதனையைக் கடினமாக்குங்கள், அல்லது எடுத்த நேரத்தை அளவிடுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாகச் செய்யப்படும் தவறு, என் கணிப்பில், இரண்டு சோதனைகளை ஒப்பிடும் இடத்தில் வருகிறது. "பொருள் வகைப்படி சொல் தேடும் திறன் பாதிக்கப்பட்டுள்ளது, எழுத்துப்படி தேடும் திறன் பாதிக்கப்படவில்லை; எனவே இரண்டும் மூளையில் தனித்தனி" என்ற வாதம் அது. அதே ஆறு பேருக்கு 'க'வில் தொடங்கும் சொற்களையும் சொல்லச் சொன்னோம். அதே வரிசையில் 13, 12, 8, 13, 8, 12. இடை 11, நியம விலகல் 2.37. இப்போது இரண்டாவது நோயாளி ஒருவர் வருகிறார்: விலங்கு 8, 'க' 7.

விலங்கில் t = −2.49, 2.8 சதவீதம்: குறைபாடு. 'க'வில் t = −1.56, 8.9 சதவீதம்: எல்லையைத் தொடவில்லை. ஒன்று உள்ளே, மற்றது வெளியே. பிரிவு கிடைத்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள் நிற்பது அவற்றுக்கிடையே வேறுபாடு இருப்பதற்குச் சான்றாகாது. நோயாளியின் இரு புள்ளிகளையும் குழுவின் நியம விலகலில் எழுதினால் −2.68, −1.69. இடைவெளி 0.99. நலமான ஆறு பேரில் முதலாமவரைப் பாருங்கள்: விலங்கு 14, 'க' 13. அவருடைய இடைவெளி 1.23, நோயாளியின் அதே திசையில். ஆறாமவருக்கு 1.19. ஐந்தாமவருக்கு எதிர்த்திசையில் 1.27. மூளையில் எந்தக் காயமும் இல்லாத மூவர் நோயாளியைவிட அதிகமாக "பிரிந்து" நிற்கிறார்கள்.

ஆகவே சோதிக்க வேண்டியது வேறுபாட்டையே. அதற்குக் குரோஃபோர்டும் போல் கார்த்வைட்டும் 2005இல் வெளியிட்ட சோதனை `RSDT`:

```r
RSDT(case_a = 8, case_b = 7,
     controls_a = c(14, 17, 12, 19, 15, 13),
     controls_b = c(13, 12, 8, 13, 8, 12))
```

இரண்டு சோதனைகளிலும் மிகத் தாழ்ந்த நிலையில் உள்ள நோயாளிக்கு `BSDT` எனும் பேய்சிய வடிவம் பாதுகாப்பானது. நியம விலகல் பற்றிய நிச்சயமின்மையை அது கூடுதலாகச் சுமக்கிறது.

இவற்றில் எதுவானாலும், இரண்டு சோதனைகளுக்கும் இடையிலான இணைபுக் குணகம் தேவை. நம் குழுவில் அது 0.49. அதைக் கணிக்க அதே ஆறு பேர் இரண்டையும் செய்திருக்க வேண்டும். விலங்குச் சோதனையை ஏறாவூரில் ஆறு பேருக்கும், எழுத்துச் சோதனையை அக்கரைப்பற்றில் வேறு ஆறு பேருக்கும் செய்துவிட்டு வந்தால், எந்த மென்பொருளாலும் அந்த எண்ணை மீட்டுத் தர முடியாது.