அண்டி ஆபீஸ் மலிவாகக் கிடைத்தால்: பார்கெயின் பர்ச்சேஸ் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் நாகர்கோவில் ஆபீசில் ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் எக்செல் தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கிளையன்ட் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும் தொழில் ஒன்றை மொத்தமாக வாங்கியிருந்தார். சொத்துகளின் நியாய மதிப்பைக் கூட்டி, கடன்களைக் கழித்து, கொடுத்த விலையையும் கழித்து, கடைசிக் கட்டத்துக்குப் பச்சை அடித்திருந்தான். வாங்கிய தொழிலின் நிகர நியாய மதிப்பைவிடக் கொடுத்த விலை குறைவாக இருந்தால், அதைத்தான் பார்கெயின் பர்ச்சேஸ் என்கிறோம். "நல்ல லாபம் சார்" என்றான். "மக்கா, வித்தவனுக்குக் கணக்கு தெரியாதுன்னு நெனச்சியா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. 2018ல் இதே தவறை நான் செய்தேன், அதுவும் கையெழுத்துப் போட்டு. கூட்டல் பிழை, புத்தக மதிப்பையே நியாய மதிப்பாக எழுதிவைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை மறுபார்வையில் சிக்கிவிடும். சிக்காத தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

லாபம் வந்ததும் கணக்கை மூடிவிடுவது

குழித்துறைப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்காகச் சொன்னால், முந்திரிக்கொட்டையை வேகவைத்து, உடைத்து, தோல் நீக்கித் தரம் பிரிக்கும் தொழிற்சாலை. குடும்பப் பங்குநிறுவனம் அது. அப்பா இறந்தபின் பிள்ளைகளுக்குள் பாகப் பிரச்சினை, வங்கியிலிருந்து நோட்டீசும் வந்திருந்தது. வாங்கியது எங்கள் கிளையன்ட். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு குழுமத்தின் துணை நிறுவனம் என்பதால், அளவில் சிறியதாக இருந்தும், தொழில்களை வாங்குவதற்கான இந்தியக் கணக்குத் தரமான இண்ட் ஏஎஸ் 103 அதற்குப் பொருந்தும். தொழிலை ஆட்களோடும் கடன்காரர்களோடும் சேர்த்து 4.50 கோடிக்கு எடுத்தார்கள்.

நான் போட்ட கணக்கு இது. சாலையோரம் 150 சென்ட் நிலம், சென்ட் 2 லட்சம் வீதம் 3 கோடி. கட்டடம் 90 லட்சம். பாய்லர், உலர்த்தும் அறை, மற்ற இயந்திரங்கள் 60 லட்சம். பச்சைக் கொட்டை 100 டன், கிலோ 110 ரூபாய் என்று 1.10 கோடி. பருப்பு 30 லட்சம், வரவேண்டிய பாக்கி 30 லட்சம். மொத்தம் 6.20 கோடி. கொடுக்கவேண்டிய வியாபாரக் கடன் 40 லட்சம் போக நிகரம் 5.80 கோடி. விலை 4.50 கோடி. ஆக 1.30 கோடி லாபம். இயக்குநர் கூட்டத்தில் இந்த எண்ணை வாசித்தபோது மேசையைத் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பதினான்காவது மாதம் தொழிற்சாலையில் ஸ்டாக் எடுக்கப் போயிருந்தேன். கொட்டை உடைக்கும் ஷெட்டின் வாசலில் ஒரு அம்மா காத்து நின்றார். தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனிகள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. கையில் நைந்துபோன சர்வீஸ் புத்தகம். "சாரே, நான் நின்னாச்சு. எனக்க காசு எப்ப கிட்டும்?" என்றார். இருபத்திரண்டு வருட வேலை. பழைய முதலாளி யாராவது வேலையை விட்டு நிற்கும்போது கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். புத்தகத்தில் பணிக்கொடைக்கென்று ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது. புத்தகத்தில் இல்லாததை நானும் தேடவில்லை.

அங்கே 120 பேர் வேலை செய்தார்கள். தொழில் கைமாறும்போது சர்வீஸ் அறுபடாமல் தொடரும் என்று ஒப்பந்தம் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவின்படி, ஆட்குறைப்பு இழப்பீடு இல்லாமல் ஆட்களைக் கைமாற்ற அப்படித்தான் எழுதவும் வேண்டியிருந்தது. அப்படியானால் அவர்களுடைய பழைய வருடங்கள் முழுக்க வாங்கியவரின் தலையில். உடைத்த எடைக்குக் கூலி என்றாலும் சராசரி நாள் வருமானம் 400 ரூபாய் வந்தது. வருடத்துக்கு 15 நாள் கூலி, அதாவது 6,000. சராசரி சர்வீஸ் 11 வருடம். 120 பேருக்குமாகப் பெருக்கினால் 79 லட்சம் சொச்சம். இது கைக்கணக்குத்தான், இதை அப்படியே எழுதக் கூடாது. பணிக்கொடையை 103ன் நியாய மதிப்பில் எடுப்பதில்லை, ஊழியர் பலன்களுக்கான இண்ட் ஏஎஸ் 19ன்படி ஆக்சுவரி கணிக்க வேண்டும். ஐந்து வருடம் முடிக்காமல் போகிறவர்கள், இனி வரும் கூலி உயர்வு, வட்டிக் கழிவு எல்லாவற்றையும் பார்த்து ஆக்சுவரி சொன்ன தொகை 68 லட்சம்.

ஒன்றைத் தோண்டியதும் மற்றவையும் வெளியே வந்தன. பட்டாவையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால், பின்னால் இருந்த 30 சென்ட் நஞ்சை. மதிப்பீட்டாளர் முகப்பில் நின்று 150 சென்டுக்கும் ஒரே விலை போட்டிருந்தார். சட்டம் அனுமதிக்காத உபயோகத்தை வைத்து நியாய மதிப்பு சொல்ல முடியாது. அந்த 30 சென்டுக்கு 70,000 தான் நிற்கும் என்று திருத்தியபோது 39 லட்சம் குறைந்தது.

பிறகு கொட்டை. பச்சைக் கொட்டைக்கு எடையைப் பார்த்து மட்டும் விலை சொல்வதில்லை, அவுட்டர்ன் பார்ப்பார்கள்: 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பது. நான் வைத்த கிலோ 110 என்பது 48 பவுண்டு சரக்கின் விலை. ஆனால் கைமாறிய அன்றே மேஸ்திரி மாதிரிக் கொட்டைகளை வெட்டிப் பார்த்து, புள்ளி விழுந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் ஒதுக்கி எடைபோட்டு, நோட்டில் 42 என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தார். இரண்டு மழைக்காலமும் வந்துபோகிற ஊரில் கோணிமூட்டை குடோனில் கிடந்தால் வேறென்ன ஆகும்? 48க்கு 110 என்றால் 42க்கு 96 சொச்சம். 100 டன்னுக்கு ஏறத்தாழ 14 லட்சம் போனது.

68, 39, 14. கூட்டினால் 121 லட்சம். (வரி விளைவை எளிமைக்காக விட்டிருக்கிறேன்.) 1.30 கோடி லாபம் 9 லட்சமாகச் சுருங்கிவிட்டது. விலை பேசும்போது பணிக்கொடைப் பாரத்தையும் கெட்ட சரக்கையும் சொல்லித்தான் வாங்குகிறவர் விலையை இறக்கியிருக்கிறார். விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கணக்கு எழுதிய எனக்கு மட்டும் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

103ன் 36வது பத்தி இதைத்தான் சொல்கிறது. லாபம் என்று எழுதும் முன், சொத்தும் கடனும் எல்லாம் அடையாளம் காணப்பட்டனவா என்று மறுபடி பார். அளவிட்ட முறையை மறுபடி பார். கொடுத்த விலையையும் மறுபடி பார். பின்னால் இத்தனை கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால் அதன் நியாய மதிப்பும் விலையில் சேரும். ஆர்ட்டிகிள்கள் இந்தப் பத்தியைச் செக்லிஸ்டில் ஒரு டிக் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நான் இப்போது சொத்துப் பட்டியலை மறுபடி கூட்டிப் பார்ப்பதே இல்லை, நேராகக் கடன் பக்கம் போகிறேன். சொத்தை விற்றவரே கையைப் பிடித்துக் காட்டுவார், கடனைக் காட்ட ஆள் இருக்காது. மஸ்டர் ரோல், பிஎஃப் சலான், நிலுவை வழக்குகள் என்று வரிசையாகக் கேட்கிறேன். வழக்கில் தோற்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்றாலும், பழைய நிகழ்வால் வந்த இன்றைய கடமையாக இருந்து, தொகையை நம்பகமாகக் கணிக்கவும் முடிந்தால், 103 அதைக் கடனாக எழுதச் சொல்கிறது. ஒதுக்கீடுகளுக்கான வழக்கமான இண்ட் ஏஎஸ் 37 அப்படிச் சொல்லாது. இங்கே பலரும் 37ன் பழக்கத்தில் அதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, காலம். கைமாறிய நாளில் இருந்த நிலைமை பற்றிப் புதிதாகத் தகவல் கிடைத்தால் எண்களைத் திருத்த அதிகபட்சம் ஒரு வருடம் உண்டு. எனக்கு வந்தது பதினான்காவது மாதம். அதோடு அது புதிய தகவலும் இல்லை, அன்றைக்கே ஆபீசில் இருந்த நோட்டும் பட்டாவும்தான். ஆகவே அதைப் பிழை என்று ஒப்புக்கொண்டு, இண்ட் ஏஎஸ் 8ன்படி முந்தைய வருடக் கணக்கைத் திருத்தி வெளியிட்டோம். மேசையைத் தட்டிய அதே இயக்குநர்கள் முன்னால் போய் நின்றேன்.

லாப நஷ்டக் கணக்கில் போடுவது

வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளிடம் வரும் தவறு. 103க்கு இணையான சர்வதேசத் தரம் ஐஎஃப்ஆர்எஸ் 3ல் இந்த லாபம் நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். நம் ஊரில் போகாது. இந்தத் தொழில் ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதற்குத் தெளிவான சான்று இருந்தால், லாபம், லாப நஷ்டத்துக்குக் கீழே தனியாகக் காட்டும் பிற விரிவான வருமானம் வழியாகப் போய் கேபிடல் ரிசர்வில் சேரும். சான்று இல்லாவிட்டால் அந்த வழியும் கிடையாது, நேரே கேபிடல் ரிசர்வ்.

எங்கள் 9 லட்சத்துக்குச் சான்று இருந்தது: வங்கி நோட்டீஸ், பாகப் பிரச்சினைக் கடிதங்கள், அவசரமாக விற்கிறோம் என்று அவர்களே எழுதிய மின்னஞ்சல். மூன்றையும் கோப்பில் வைத்தேன். "தெரிந்தவர், அதனால் விலை குறைத்துக் கொடுத்தார்" என்று கிளையன்ட் வாயால் சொல்வது சான்றாகாது.

அந்த லாபத்தில் டிவிடெண்ட் கேட்பது

கிடையாது. கேபிடல் ரிசர்வ் பங்கிட அல்ல.

வக்கீல் பீஸை விலையில் சேர்ப்பது

சேராது. அந்த வருடச் செலவு.

பங்காக வாங்கிவிட்டு ஒத்திவைத்த வரியை மறப்பது

தொழிலை அல்லாமல் கம்பெனியின் பங்குகளை வாங்கினால், வரிக் கணக்கில் சொத்துகள் பழைய மதிப்பிலேயே இருக்கும். குழுமக் கணக்கில் மட்டும் நியாய மதிப்புக்கு ஏறும். அந்த வித்தியாசத்தின் மேல் வரும் ஒத்திவைத்த வரியைக் கடனாக வைத்தால் லாபம் இறங்கும்.

பூட்டிக் கிடக்கும் ஆபீசைத் தொழில் என்று நினைப்பது

நான் சொன்ன பையனின் தாளுக்கு அடுத்த பக்கத்தில் இதுவும் இருந்தது. அதே கிளையன்ட் பூட்டிக் கிடந்த ஒரு அண்டி ஆபீசையும் தனியாக வாங்கியிருந்தார். ஆட்கள் கணக்குத் தீர்த்துப் போய் வருடங்கள் ஆகின்றன. கொட்டையும் இல்லை, இயந்திரத்தையும் கழற்றி விற்றுவிட்டார்கள். கட்டடமும் நிலமும், சுவரில் மங்கிப்போன பெயரும்தான் மிச்சம். இதற்கும் அவன் லாபம் போட்டிருந்தான்.

உற்பத்தி நின்றுபோன இடத்தைத் தொழில் என்று சொல்ல வேண்டுமானால், தேர்ச்சியுள்ள ஆட்களின் அணியாவது கூடவே வர வேண்டும். இங்கே வாட்ச்மேன்கூட வரவில்லை. 2020 ஏப்ரல் முதல் சுலபமான சோதனை ஒன்றும் இருக்கிறது, விரும்பினால் பயன்படுத்தலாம்: வாங்கியதன் மதிப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரே சொத்தில் குவிந்திருந்தால் அது தொழில் அல்ல. நிலத்தையும் அதன்மேல் நிற்கும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே சொத்தாகவே எடுக்க வேண்டும்.

தொழில் இல்லை என்றால் லாபமும் இல்லை, குட்வில்லும் இல்லை. கொடுத்த விலையை நியாய மதிப்பு விகிதத்தில் பங்கிட்டால் போதும். நிலம் 2.10 கோடி, கட்டடம் 40 லட்சம், விலை 2 கோடி. பையன் பச்சை அடித்த 50 லட்சத்தை அழித்துவிட்டு, நிலம் 1.68 கோடி, கட்டடம் 32 லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். "அப்போ சார், அந்த 50 லட்சம் எங்கே போச்சு?" என்றான். அவர் அந்த இடத்தை விற்கிற அன்றைக்கு வந்து கேள் என்றேன்.