கத்தி கறுத்தால் தேய்க்காதீர்கள்

கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கும் பலர் முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். வாழைக்காய் நறுக்கியதும் அலகு கறுக்கிறது. துருப்பிடித்துவிட்டது என்று பயந்து கம்பி நாரால் தேய்க்கிறார்கள். மறுநாள் மறுபடி கறுக்க, மறுபடி தேய்க்கிறார்கள். அந்தக் கறுப்புதான் கத்தியைத் துருவிலிருந்து காப்பது. அதற்குப் பாட்டினா என்று பெயர்.

எவர்சில்வர் கத்தியில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். காற்றுப் பட்டதும் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி அலகை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் தானே மறுபடி மூடும். கார்பன் கத்தியில் அந்த அளவுக்குக் குரோமியம் கிடையாது. அதனால் அதன் படலம் சமையலில்தான் உருவாக வேண்டும். காயின் புளிப்பும் ஈரமும் மேல்பரப்பு இரும்பைத் துளி கரைக்கின்றன. கரைந்த இரும்பு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. வாழைப்பூ, வாழைக்காய் போன்றவற்றின் துவர்ப்போடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். கலம்காரியில் கடுக்காய் ஊறிய துணி, இரும்புக் கரைசல் பட்டதும் கறுப்பது இதே வினையால்தான். இறைச்சி வெட்டினால் நீலச் சாயல் வரும்.

துரு வேறு. அது ஆரஞ்சு நிறம், பொடிப்பொடியாக இருக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியில் அரித்துக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு ஒட்டினால் துரு. உலர்ந்த கத்தியில் துணி வெள்ளையாகவே இருந்தால் பாட்டினா. துருவை மட்டும் சமையல் சோடாவைக் குழைத்து, பாட்டில் கார்க்கால் தேய்த்து எடுத்துவிடலாம்.

எங்கள் வீட்டுப் பழைய அரிவாள்மனையைப் பார்த்தால் இது புரியும். அலகு முழுக்கக் கருஞ்சாம்பல், வெட்டும் விளிம்பு மட்டும் நூல் போல வெள்ளையாக மின்னும். அம்மா அதை ஒரு நாளும் பளபளப்பாக்கியதில்லை. காய் நறுக்கி முடித்த கையோடு கழுவித் துடைத்துவிடுவார், அவ்வளவுதான்.

அந்த "கையோடு" என்பதைத்தான் நான் தவறவிட்டேன். புதுக் கத்தியால் மாங்காய் நறுக்கிவிட்டு, தொலைபேசியை எடுக்கப் போனேன். அரை மணி நேரம் கழித்து வந்தால், சாறு காய்ந்த இடத்தில் மிளகு அளவில் ஐந்தாறு ஆரஞ்சுப் புள்ளிகள். சோடா போட்டுத் தேய்த்தும் இரண்டு இடத்தில் சின்னக் குழி நின்றுவிட்டது. பாட்டினா இல்லாத கத்தியில் புளிப்பைக் காயவிடக் கூடாது.

புதுக் கத்தியைக் கொஞ்சம் தயார் செய்துகொள்ளலாம். சோப்புப் போட்டுக் கழுவி, கடையில் பூசிய எண்ணெய் போனபின், சூடான வினிகரில் நனைத்த துணியால் அலகைப் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். எடுக்கும்போது சாம்பல் நிறம் ஏறியிருக்கும். நன்றாகக் கழுவி, உலர்த்தி, சில நாள் வெங்காயமும் இறைச்சியுமாக வெட்டுங்கள். முதல் சில தடவை வெங்காயம் லேசாகக் கறுத்து இரும்பு வாடை அடிக்கும், அப்புறம் நின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டும் ஏன் சிலர் கார்பன் கத்தியையே தேடுகிறார்கள்? சாணை பிடிப்பதற்காகத்தான். பல எவர்சில்வர் கத்திகளில் குரோமியக் கார்பைடு என்னும் கடினமான பெரிய துகள்கள் இருக்கின்றன. கல் அவற்றைத் தேய்க்கத் திணறும், விளிம்பில் எழும் பிசிறும் விடாமல் ஒட்டிக்கொள்ளும். கார்பன் ஸ்டீலின் துகள்கள் நுண்ணியவை. 1000 எண் நீர்ச்சாணைக் கல்லில் சில நிமிடம் தேய்த்தால் பிசிறு சுலபமாக உதிர்ந்து, தக்காளித் தோலில் வழுக்காத கூர்மை வந்துவிடும். ஆனால் எப்போதுமே அது எவர்சில்வரைவிடக் கூர் தாங்கும் என்று நினைக்காதீர்கள். நல்ல எவர்சில்வர் அதிக நாள் தாங்கக்கூடும். எலுமிச்சையே நாள் முழுக்க நறுக்கினால் கார்பனின் விளிம்பைப் புளிப்பு அரித்துவிடும்.

எவர்சில்வரிலும் ஒரு தவறு நடக்கிறது: துருவே பிடிக்காது என்று உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஊறப் போடுவது. உப்பு அந்தக் குரோமியப் படலத்தைத் துளைத்து, ஊசி குத்தியது போல் குழி போட்டுவிடும்.

கார்பன் கத்தியைச் சில நாள் எடுக்கப் போவதில்லை என்றால், துடைத்து மெல்லத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சூரியகாந்தி எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். சாணை பிடித்தபின் விளிம்பில் மறுபடி வெள்ளைக் கோடு தெரியும், அடுத்த வெங்காயமும் கொஞ்சம் கறுக்கும். அது சரிதான், அந்த இடத்தில் பாட்டினா போயிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதுவரை அந்த விளிம்பை மட்டும் கூடுதல் கவனத்தோடு துடையுங்கள்.