தீபாவளிக்கு நெல்லையில என்ன கிஃப்ட் வாங்கலாம்? 300, 500, 1000 ரூபா பட்ஜெட்

300 ரூபாய்க்குள்ளன்னா அரைக்கிலோ அல்வா போதும், வெளியூருக்கு அனுப்புறதா இருந்தா கிளம்புற அன்னைக்கே வாங்குங்க, சாப்பிடும்போது லேசா சூடு பண்ணச் சொல்லிருங்க.

500க்குள்ள என் சாய்ஸ் உடன்குடி கருப்பட்டி, ஆனா பாக்கெட்டைப் பாத்து வாங்காதிய, கடைக்காரர்கிட்ட ஒண்ணை உடைச்சுக் காட்டச் சொல்லுங்க, உள்ள சீனி மாதிரி பளபளன்னு மின்னுச்சுன்னா கலப்படமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, மங்கலான பழுப்பா, பதனீர் வாசத்தோட இருந்தா தைரியமா வாங்கலாம். பெரியவங்க இருக்க வீட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது, ஆனா சுகர் இருக்கவங்களுக்கு இதுவும் இனிப்புதான், குடுக்காதிய.

1000 ரூபாய்க்கு மேலன்னா பத்தமடை கோரைப்பாய். நைஸ் பாய் விலை கூட, நெய்ய நாளாகும், முன்கூட்டியே சொல்லி வைங்க. மடிச்சுப் பேக் பண்ணாம, சுருட்டிக் குடுக்குறது நல்லது.