மின்சுமை முன்கணிப்பு ஆய்வுச் சுருக்கம்: தரவுப் பிரிப்பிலும் பிழை அளவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநாட்டுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: "ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டு ஆண்டு மணிநேர மின்நுகர்வுத் தரவை 80:20 விகிதத்தில் பிரித்து மாதிரியைப் பயிற்றுவித்தோம், ஆர்-ஸ்கொயர் மதிப்பு 0.99." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்துறை தெரிந்த மதிப்பாய்வாளருக்கு இந்த வரி எதையும் சொல்வதில்லை. முன்கணிப்பு எந்த நேரத்தில் வெளியிடப்படுகிறது, எந்த மணிநேரங்களுக்கு, அந்த நேரத்தில் மாதிரியின் கையில் என்னென்ன தரவு இருந்தது என்ற மூன்றும் தெரியாதவரை 0.99 என்பது நல்ல மாதிரியின் அடையாளமா, சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிந்ததன் அடையாளமா என்று சொல்ல முடியாது.

முதல் தவறு தரவைக் கலைத்துப் பிரிப்பது. இரண்டு ஆண்டு என்றால் 17,520 மணிநேரம். scikit-learn நூலகத்தின் `train_test_split` தானாகவே வரிசையைக் கலைத்துவிடும். `shuffle=False` என்று நாம் சொன்னால்தான் வரிசையை அப்படியே வைத்திருக்கும். கலைத்து 20 சதவீதத்தைச் சோதனைக்கு எடுத்தால், ஒரு சோதனை மணிநேரத்துக்கு முந்தைய மணியும் பிந்தைய மணியும் இரண்டுமே சோதனைப் பக்கம் விழ 0.2 × 0.2, அதாவது 4 சதவீத வாய்ப்புதான். மீதி 96 சதவீத நேரங்களில் பக்கத்து மணிகளில் ஒன்றாவது பயிற்சித் தரவில் உட்கார்ந்திருக்கும். கட்டடத்தின் மின்சுமை ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே பெரும்பாலும் சிறிதளவே மாறும். ஆகவே பிற்பகல் 2 மணியையும் 4 மணியையும் பார்த்துவிட்ட மாதிரி 3 மணியை நிரப்புகிறது. அது இடைவெளி நிரப்பும் வேலை, முன்கணிப்பு அல்ல. நாள் எண்ணை உள்ளீடாகக் கொடுத்த மரவகை மாதிரிகளில் இது இன்னும் மோசமாகும். அந்த நாளின் சுமை மட்டத்தையே அவை மனப்பாடம் செய்துவிடும். நரம்பியல் வலையமைப்பு பயன்படுத்துவோர் 168 மணிநேரச் சாளரங்களாக முதலில் வெட்டிவிட்டுப் பிறகு சாளரங்களைக் கலைப்பதும் இதே கசிவுதான். அடுத்தடுத்த இரண்டு சாளரங்களில் 167 மணிநேரம் பொதுவானவை.

காலவரிசைப்படி பிரித்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. இரண்டு ஆண்டின் கடைசி 20 சதவீதம் ஏறக்குறைய ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் குளிரூட்டும் காலம் வராவிட்டால், கட்டடத்தின் மிகக் கடினமான பகுதியைச் சோதிக்காமலே முடிவு எழுதுகிறோம். இரண்டு ஆண்டுத் தரவு இருந்தால் நகரும் தொடக்கப்புள்ளி முறையே நல்லது: முதல் ஆண்டைக் கொண்டு பயிற்றுவித்து அடுத்த 30 நாளைக் கணிக்க வேண்டும். பிறகு அந்த 30 நாளையும் பயிற்சியில் சேர்த்து, அதற்கடுத்த 30 நாள். இப்படிப் பன்னிரண்டு சுற்று போனால் ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுவதும் சோதனையில் வந்துவிடும்.

```python
from sklearn.model_selection import TimeSeriesSplit
cv = TimeSeriesSplit(n_splits=12, test_size=720, gap=12)
```

மாதிரியின் அமைப்பளவுகளைத் தேர்வதையும், பயிற்சியை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வதையும் முதல் ஆண்டுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். சோதனைத் தரவில் பிழை குறைந்த இடத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டு, அதே பிழையைச் சுருக்கத்தில் எழுதினால் அந்த எண் செல்லாது.

மேலே `gap=12` ஏன் வந்தது என்பதில்தான் இரண்டாவது தவறு இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்று நண்பகல் 12 மணிக்கு, நாளைய 24 மணிநேரத்துக்கான முன்கணிப்பை வெளியிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கடைசி அளவீடு இன்று 11 முதல் 12 மணி வரையிலானது. நாளை தொடங்குவதற்கு முன் இன்னும் 12 மணிநேரம் நமக்குத் தெரியாது. பயிற்சியும் அந்த 12 மணிநேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், அதனால்தான் `gap=12`. இப்போது "நேற்றைய இதே நேரச் சுமை" என்று 24 மணி பின்தங்கிய உள்ளீட்டைச் சேர்த்தால் என்ன ஆகும்? நாளை காலை 9 மணிக்கு அது இன்று காலை 9 மணி, பிரச்சினையில்லை. நாளை பிற்பகல் 3 மணிக்கு அது இன்று பிற்பகல் 3 மணி. அந்த அளவீடு இன்னும் பிறக்கவே இல்லை. நாளின் பாதி மணிநேரங்களுக்கு மாதிரி எதிர்காலத்தைப் பார்த்துவிடுகிறது. பழைய தரவுக் கோப்பில் எல்லா வரிசைகளும் நிரம்பியிருப்பதால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது.

நாளைய கடைசி மணிநேரத்தையும் கணக்கில் எடுத்தால், எல்லா மணிகளுக்கும் பாதுகாப்பான குறைந்தபட்சப் பின்னடைவு 36 மணி. எனவே:

```python
df = df.asfreq("h")
df["lag48"]  = df["kwh"].shift(48)
df["lag168"] = df["kwh"].shift(168)
df["mean24"] = df["kwh"].shift(36).rolling(24).mean()
```

முதல் வரியை விட்டுவிடக் கூடாது. `shift` வரிசைகளைத்தான் எண்ணும், மணிகளை அல்ல. கோப்பில் மூன்று மணிநேரத்து வரிசைகள் விடுபட்டிருந்தால், அந்த இடத்தைத் தாண்டிய ஒரு வாரத்துக்கு `lag168` உண்மையில் 171 மணிநேரத்துக்கு முந்தைய மதிப்பாக இருக்கும். அதேபோல விடுபட்ட இடங்களை இருபக்க மதிப்புகளைக் கொண்டு நிரப்பி, அதை உள்ளீடாகப் பயன்படுத்தினால் அதுவும் எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பதே. நிரப்பிய மணிகளைப் பிழைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதும் நல்லது. இல்லாவிட்டால் நாமே வரைந்த நேர்க்கோட்டை நாமே கணித்ததாக ஆகும்.

வெப்பநிலை உள்ளீட்டுக்கும் இதே கேள்விதான். நாளைய வெப்பநிலை என்று பதிவான வெப்பநிலையைக் கொடுத்திருந்தால், சுருக்கத்தில் "பதிவான வானிலையைக் கொண்டு" என்று சொல்லிவிட வேண்டும். உண்மையான பயன்பாட்டில் வானிலை முன்னறிவிப்புதான் கிடைக்கும், அதன் பிழையும் சுமைப் பிழையோடு சேரும். பதிவான வானிலையைப் பயன்படுத்துவது குற்றமில்லை. சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

மூன்றாவது தவறு பிழை அளவில். ஓர் எளிய நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்தில் 10 மணிநேரம் பகல் சுமை 180 கிலோவாட், மீதி 14 மணிநேரம் இரவுச் சுமை 12 கிலோவாட். மாதிரி பகலில் ஒவ்வொரு மணியும் 9 கிலோவாட், இரவில் ஒவ்வொரு மணியும் 6 கிலோவாட் தவறுகிறது. பகல் பிழை 5 சதவீதம், இரவுப் பிழை 50 சதவீதம். மணிக்கு மணி சதவீதப் பிழையின் சராசரியான எம்ஏபிஇ:

```
(10×5 + 14×50) / 24 = 31.25 %
```

இதே முன்கணிப்பின் சராசரிப் பிழை, அதாவது எம்ஏஇ, 7.25 கிலோவாட். பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து மூலம் கண்டால் வரும் ஆர்எம்எஸ்இ 7.4 கிலோவாட். அதை நாளின் சராசரிச் சுமையான 82 கிலோவாட்டால் வகுத்தால் 9 சதவீதம். இதைத்தான் சிவி-ஆர்எம்எஸ்இ என்கிறோம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான 168 கிலோவாட்டால் வகுத்தால் 4.4 சதவீதம். ஆர்-ஸ்கொயர் 0.992.

ஒரே மாதிரி, ஒரே நாள். 31, 9, 4.4 என்று மூன்று சதவீதங்கள். சுருக்கத்தில் "பிழை 4.4 சதவீதம்" என்று மட்டும் எழுதினால் எதால் வகுத்தது என்று யாருக்கும் தெரியாது. எம்ஏபிஇ இங்கே இரவில் யாருக்கும் முக்கியமில்லாத 6 கிலோவாட்டைப் பூதாகரமாக்குகிறது. மின்தடையாலோ மீட்டர் கோளாறாலோ சுமை சுழியத்தை நெருங்கும் மணிகள் சில இருந்தாலே அது பல மடங்கு வீங்கும். அதைத் தவிர்க்கச் சிலர் சிறிய சுமை மணிகளை மட்டும் ஓசைப்படாமல் நீக்குகிறார்கள். நீக்கினால் எந்த வரம்புக்குக் கீழே, எத்தனை மணிகள் என்று எழுத வேண்டும். ஆர்-ஸ்கொயரோ நேரெதிர். பகலும் இரவும் இவ்வளவு வேறுபடும் கட்டடத்தில் பகல், இரவு என்ற இரண்டு மட்டங்களைச் சரியாகப் பிடித்தாலே அது 0.9-ஐத் தாண்டிவிடும். கட்டடச் சுமைக்கு அதை முதன்மை அளவாக வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கிலோவாட்டில் எம்ஏஇ, கூடவே வகுக்கும் எண்ணைக் குறிப்பிட்டு சிவி-ஆர்எம்எஸ்இ, இந்த இரண்டும் ஒரு சுருக்கத்துக்குப் போதும். உச்சச் சுமைக்கான ஆய்வு என்றால் தினசரி உச்ச மணியின் பிழையைத் தனியாகக் கொடுங்கள். ஆஷ்ரே அமைப்பின் 14-ஆம் வழிகாட்டி மணிநேரத் தரவுக்கு சிவி-ஆர்எம்எஸ்இ 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது; அதை மேற்கோள் காட்டி "எங்கள் முன்கணிப்பு தரத்தை நிறைவு செய்கிறது" என்று எழுதுவதும் பரவலான தவறு. அந்த வரம்பு ஆற்றல் சேமிப்பைக் கணக்கிடும் மாதிரிகளை அளவுதிருத்தம் செய்வதற்கானது. நாளைய சுமையை எவ்வளவு நன்றாகக் கணிக்கிறோம் என்பதற்கு அது அளவுகோல் அல்ல.

அதற்கு அளவுகோல் வேறு. போன வாரம் இதே கிழமை, இதே மணியில் இருந்த சுமையை அப்படியே நாளைய கணிப்பாக எடுங்கள். 168 மணி பின்தங்கிய இந்தக் கணிப்புக்குப் பயிற்சியே தேவையில்லை, நண்பகல் நிபந்தனையையும் மீறாது. அதன் எம்ஏஇ 8 கிலோவாட் என்றால், நம் 7.25 கிலோவாட் வெறும் 9 சதவீத முன்னேற்றம். அதன் எம்ஏஇ 15 கிலோவாட் என்றால் முன்னேற்றம் பாதிக்கும் மேல். இந்த ஒப்பீடு இல்லாமல் மாதிரியின் பெயரை எவ்வளவு நீளமாக எழுதினாலும் பயனில்லை. ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே சோதனை மணிகள், அதே நீக்கங்கள் இருக்க வேண்டும். விடுமுறை நாள்களில் இந்த எளிய கணிப்பு தடுமாறும். நம் மாதிரியின் வெற்றி முழுவதும் அந்தச் சில நாள்களிலிருந்து மட்டும் வருகிறதா என்று வேலைநாள், விடுமுறை எனப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

பல கட்டடங்களைக் கொண்ட ஆய்வில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பயிற்சியில் பார்த்த கட்டடங்களின் அடுத்த ஆண்டைக் கணிப்பது ஒரு கூற்று. பார்க்காத புதிய கட்டடத்தைக் கணிப்பது வேறு கூற்று. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் கட்டடங்களையே பிரித்து, சோதனைக் கட்டடத்தின் ஒரு மணிநேரம்கூடப் பயிற்சியில் வராதபடி பார்க்க வேண்டும். 2019-இல் ஆஷ்ரே நடத்திய பொதுப் போட்டி முதல் வகை: 2016-இன் அளவீடுகளில் பயிற்சி, அதே கட்டடங்களின் 2017, 2018-இல் சோதனை.

தொடக்கத்தில் பார்த்த வரியை, நம் கற்பனைக் கட்டடத்தின் எண்களையே ஓர் ஆண்டின் முடிவாக வைத்து, இப்படி எழுதலாம்: "ஓர் அலுவலகக் கட்டடத்தின் 24 மாத மணிநேரத் தரவில், தினமும் நண்பகல் 12 மணிக்கு மறுநாளின் 24 மணிநேரச் சுமையைக் கணித்தோம். முதல் 12 மாதத்தில் பயிற்சியும் அமைப்பளவுத் தேர்வும். அடுத்து 30 நாள் வீதம் 12 சுற்றுகளில், ஒவ்வொரு முறையும் மறுபயிற்சியுடன் சோதனை. 36 மணிக்குக் குறைந்த பின்னடைவு உள்ளீடுகள் இல்லை, வெப்பநிலை பதிவானது. எம்ஏஇ 7.25 கிலோவாட், சராசரிச் சுமையால் வகுத்த சிவி-ஆர்எம்எஸ்இ 9 சதவீதம்; முந்தைய வாரக் கணிப்பின் எம்ஏஇ 8 கிலோவாட்."

சொல் வரம்பு இறுக்கினால் வெட்ட வேண்டியது மாதிரியின் அடுக்குகளையும் அலகுகளையும் விவரிக்கும் வரிகளை. அவை முழுக் கட்டுரையில் வரலாம். வெளியீட்டு நேரமும் சோதனைக் காலமும் ஒப்பீட்டு எண்ணும் சுருக்கத்திலேயே இருக்க வேண்டும்.