ஓடி முடித்த பிறகு வரும் இருமல்: கண்டுபிடிப்பதும் தடுப்பதும்

"ஓடும்போது நன்றாகத்தான் ஓடுகிறாள், நின்ற பிறகுதான் இருமுகிறாள்." பெற்றோர் இப்படிச் சொன்னால் உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் "ஸ்டாமினா இல்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் அந்தப் பிள்ளை இன்னும் கடினமாக ஓடவைக்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம்.

வேகமாக ஓடும்போது நிறையக் காற்று வாய் வழியாக உள்ளே போகிறது. அதை ஈரப்படுத்தியே மூச்சுக்குழாயின் உட்சுவர் உலர்கிறது. உலர்ந்த சுவரில் உள்ள செல்கள் சில ரசாயனங்களை வெளியிட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் இது அதிகம்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இருமல், வீசிங், நெஞ்சு இறுக்கம் எப்போது தொடங்கியது, எப்போது அடங்கியது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்று 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகத் தணியும். மாறாக, ஓட்டத்தின் உச்சத்திலேயே தொண்டை அடைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்து, நின்ற சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் குரல்வளைச் சிக்கலாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் உதவாது.

அப்புறம் சோதனை. அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடும். 800 மீட்டர் ஓடும் 13 வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். ஓடும் முன் ஸ்பைரோமெட்ரி கருவியில் முதல் ஒரு விநாடியில் அவள் ஊதியது 2.50 லிட்டர். டிரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம் கடினமாக ஓடவிட்டு, நின்றபின் 5ஆம் நிமிடத்தில் 2.20, 10ஆம் நிமிடத்தில் 2.05, 30ஆம் நிமிடத்தில் 2.40. அதிகபட்சக் குறைவு 0.45 லிட்டர், அதாவது 18 சதவீதம். 10 சதவீதம் குறைந்தாலே சுருக்கம் உண்டு என்று கொள்வார்கள். ஓடி முடித்த உடனே ஒருமுறை ஊதி அனுப்பிவிட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

போட்டி நாளில் மருத்துவர் எழுதித் தந்த, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை, வழக்கமாக 2 பஃப், ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி 15 நிமிடம் முன்பே எடுக்க வேண்டும். பிறகு 10 முதல் 15 நிமிட வார்ம் அப்: மெதுவான ஓட்டத்துக்கு நடுவே சில குறுகிய வேக ஓட்டங்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வேக ஓட்டங்களுக்குப் பின் ஓரிரு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவாகச் சுருங்காது. குளிர் காற்றில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும்.

தினமும் பஃப் தேவைப்பட்டால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். தினசரி எடுத்தால் சால்பியூட்டமாலின் காப்பு குறையும், அடியில் ஆஸ்துமாவும் இருக்கலாம். அப்போது தினமும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு தேவைப்படலாம். பஃப் எடுத்தும் மூச்சு அடங்காமல், ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் போனால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.