வணக்கம் சொல்லும் முன் மூச்சை எங்கே வைப்பது

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏலக்காய் வியாபாரிகளைப் பார்க்கப் போய் வருவது எனக்கு இருபது வருடப் பழக்கம். சணல் சாக்கும் அதற்குள் போடும் பிளாஸ்டிக் உறையும் எங்கள் சரக்கு. இந்த வருடம் காய் எடுப்பு தொடங்கும் முன்பே என் அக்கா மகனை லைனுக்குக் கூட்டிப் போனேன். முதல் கடைக்குப் பத்தடி தூரத்தில் நின்று அவன் தன்னைத் தயார் செய்துகொண்டதைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. முதல் வருடம் நான் செய்த அதே காரியத்தை, அதே தெருவில், ஒன்று மாறாமல் செய்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டை கசங்கியிருப்பது, முகத்தைப் பார்க்காமல் பேசுவது மாதிரியான தவறுகளை யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வாசலுக்கு வெளியே இருக்கும் அந்த இருபது விநாடிகளைப் பற்றி மட்டும்.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போவது

‘பதற்றமா? நல்லா மூச்சை இழுத்து விடு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்பவர்கள் ‘இழு’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன்.

குமுளியில் ஒரு பெரிய வியாபாரி. அந்தப் பருவம் முழுவதற்கும் சாக்கு எடுப்பதாக இருந்தார், பேசி முடித்தால் போதும் என்று எங்கள் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கடை வாசலில் நின்று வேகவேகமாக ஏழெட்டு முறை பெரிய மூச்சு இழுத்தேன். கடைசி மூச்சை விடாமல் நெஞ்சிலேயே அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. தராசு, மேசை, அவர் முகம் எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனது போல இருந்தது. வாயைத் திறந்தேன். வணக்கம் என்பதில் ‘வ’ மட்டும் வெடித்து வந்தது, மீதி சன்னமாக எங்கோ மேலே போய்விட்டது. அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “மோனே, வெள்ளம் வேணோ?” என்று கேட்டார். தண்ணீரைத்தான் கேட்கிறார் என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. அன்பான மனிதர். ஆனால் உடம்பு சரியில்லாத பையனிடம் யாரும் விலை பேச மாட்டார்கள். தண்ணீர் கொடுத்து, ‘ரெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் வா’ என்று அனுப்பிவிட்டார். நான் அடுத்த வாரம் போனபோது வேறு ஒருவரிடம் பேசி முடித்திருந்தார். அந்தக் கடைக்குள் எங்கள் சாக்கு போக மேலும் இரண்டு பருவம் ஆயிற்று. இன்று நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் அது பயத்தால் மட்டும் வந்த கெடுதல் இல்லை. பயத்துக்கு மருந்து என்று நான் செய்ததால் வந்தது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்த கருவி நினைவிருக்கும். உடம்பு நன்றாக இருந்தவர்களுக்கு அது 97, 98 என்று காட்டியது. ரத்தம் ஏற்கனவே ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். நின்ற இடத்தில் நின்றுகொண்டு எவ்வளவு இழுத்தாலும் அதில் பெரிதாக ஒன்றும் கூடாது. ஆனால் வேகமாக இழுத்து இழுத்து விடும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாவது அதனால்தான். விரல் மரப்பதும் அந்த வாயு குறைவதால் வருவதுதான். நாமோ இன்னும் மூச்சு போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் இழுக்கிறோம்.

இதயமும் மூச்சோடு சேர்ந்து ஆடுகிறது. உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகம் எடுக்கும், வெளியே விடும்போது தணியும். மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். பலருக்கு அது கையிலேயே தெரியும். அப்படியானால் அமைதி வேண்டுமென்றால் நீட்ட வேண்டியது வெளிமூச்சைத்தான்.

குரல் இன்னொரு விஷயம். மூச்சை அடக்கினால் தொண்டைக்குள் குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளும், கழுத்தும் தோளும் விறைக்கும். அப்படி அடைத்து வைத்ததைத் திறந்துகொண்டு வரும் முதல் சொல் வெடிக்கும், இல்லையென்றால் கீச்சிடும். பேச்சு என்பது வெளியே போகும் காற்றில்தான் ஏறி வருகிறது.

சரி, எப்படிச் செய்வது

என் அக்கா மகனின் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. அவன் மூச்சு இழுக்கும் போதெல்லாம் அந்தப் பேனா ஒரு விரற்கடை மேலே ஏறி இறங்கியது. தோளும் மேல் நெஞ்சும் மட்டும் வேலை செய்கிறது என்று அதிலேயே தெரிந்தது. “பேனா ஏறக் கூடாதுடா, வயிறு நகரணும்” என்றேன். “நல்லா இழுத்துட்டுத்தானே போறேன் மாமா?” என்றான். அவனைப் பக்கத்து டீக்கடைத் திண்ணைக்குக் கூட்டிப் போய்ச் செய்ய வைத்தது இதுதான்.

முதலில் இழுக்கவே கூடாது. உள்ளே இருப்பதை விட வேண்டும். சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, ஆனால் மெல்ல, வயிறு தானாக உள்ளே போகும் வரை விட வேண்டும். பிழிய வேண்டாம். விட்டு முடித்ததும் மூச்சு தானாக மூக்கு வழியாக உள்ளே வரும், அதை வயிறு வரைக்கும் வர விடுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணும் அளவு உள்ளே, ஆறு எண்ணும் அளவு வெளியே. இரண்டு சுற்று போதும், பதினெட்டு இருபது விநாடியில் முடிந்துவிடும். நடந்துகொண்டே செய்யலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. வாசற்படியில் காலை வைக்கும்போது சாதாரணமாகச் சின்னதாக ஒரு மூச்சு எடுத்து, அது வெளியே திரும்பும் அந்த இடத்தில் வணக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சரியாகச் செய்தோமா என்பதற்குத் தோள் தான் சாட்சி. விடும்போது அது ஒரு பிடி கீழே இறங்கும். பெரும்பாலும் எச்சில் விழுங்கத் தோன்றும். தலை லேசாக இருந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. இருபது விநாடியில் படபடப்பு மறைந்துவிடாது. அட்ரினலின் ரத்தத்தில் இறங்கிவிட்டால் அது வடியச் சில நிமிடங்கள் ஆகும். இந்த இரண்டு மூச்சு குரலையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் காப்பாற்றித் தரும், அது போதும். மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, செருப்புக்குள் கால் விரல்களை அழுத்தி, தரையை உணர்ந்தபடி நடந்தால் நல்லது. புது ஆளே இல்லாதபோதும் நெஞ்சு அடைப்பதும் மூச்சு முட்டுவதும் திரும்பத் திரும்ப வந்தால் அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

‘பயப்படாதே’ என்று சொல்லிக்கொள்வது

உடம்பு ஓடத் தயாராக நிற்கும்போது அதனிடம் ‘அமைதி, அமைதி’ என்றால் அது நம்பாது. 2014-ல் ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் ப்ரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் பேச்சு நிகழ்த்துவதற்கும் முன்னால் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பேச்சில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களையே அவர்கள் முந்தினார்கள். துடிக்கிற நெஞ்சு துடித்துக்கொண்டே இருக்கட்டும், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம் என்பது அதன் சாரம்.

அதே 2014-ல் உளவியலாளர் ஈதன் கிராஸும் அவருடன் இருந்தவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். புதியவர் ஒருவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள், ‘நான் ஏன் இப்படி’ என்று யோசிப்பதை விட, தங்கள் பெயரைச் சொல்லி வெளி ஆளிடம் பேசுவது போலத் தங்களிடம் பேசிக்கொண்டால் பதற்றம் குறைந்தது. இது எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. அம்மா என்னைக் கூப்பிடுவது தம்பி என்றுதான். நானும் என்னை அப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன். ‘தம்பி, பேரைச் சொல். கம்பம்னு சொல். சாக்கை மேசையில் வை.’ அவ்வளவுதான் என் மந்திரம். ‘நீ திறமைசாலி, நீ ஜெயிப்பாய்’ என்றெல்லாம் இல்லை. அடுத்துச் செய்ய வேண்டிய மூன்று காரியம், ஏவல் வினையில். மூன்றையும் வெளிமூச்சு விடும்போதே சொல்லிவிடலாம்.

அக்கா மகன் ‘சொதப்பிடாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அதில் கைக்கும் வாய்க்கும் செய்ய ஒரு வேலையும் இல்லை. என்ன செய்யக் கூடாது என்பதுதான் இருக்கிறது.

வணக்கமா, நமஸ்காரமா என்று வாசலில் யோசிப்பது

பஸ்ஸிலேயே முடிவு செய்துவிடுங்கள். குமுளியில் இரண்டும் செல்லும்.

படபடப்பு அடங்கட்டும் என்று காத்திருப்பது

ஒரு பையன் இதே காரணத்துக்காகக் கடையை மூன்று முறை சுற்றி வந்தான். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் கெடுதல், ஏனென்றால் தப்பித்ததால் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்த சுற்றில் வாசல் இன்னும் பெரிதாகத் தெரியும். இரண்டு மூச்சு முடிந்ததும் கால் நகர வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தாலும் சரி.

வாசலில் நின்று போனைப் பார்ப்பது

வேண்டாம்.

உள்ளே போன பிறகும் மூச்சை எண்ணுவது

அன்று மூன்றாவது கடையில் என் அக்கா மகன் குரல் தெளிவாக வந்தது. பேனாவும் ஏறவில்லை. ஆனால் வியாபாரி எந்த அளவு சாக்கு இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை. வெளியே வந்து என்னடா என்றேன். “நாலு அஞ்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன் மாமா” என்றான். நான்காவது கடை வாசலில், வணக்கம் சொன்ன கையோடு எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே பத்து நிமிடம் பேசிவிட்டு, கையில் ஒரு பிடி ஏலக்காயோடு திரும்பி வந்தான். சாக்கை நனைத்துப் பார்க்க வேண்டுமாம், மாதிரிக்கு இரண்டு கேட்டிருக்கிறார்கள்.